ஜமீன்தார் ஏன் சுட்டார்? பள்ளி நூல் மதிப்புரை எழுதும் முறை

“இந்நாவல் மிகவும் சுவையாக இருந்தது. கதாபாத்திரங்கள் உயிரோட்டத்துடன் படைக்கப்பட்டுள்ளன. அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும்.” பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நூல் மதிப்புரைகள் பலவும் இப்படித்தான் முடிகின்றன. இந்த மூன்று வரிகளை ‘பொன்னியின் செல்வ’னுக்குக் கீழே எழுதலாம், ‘கோபல்ல கிராம’த்துக்குக் கீழேயும் எழுதலாம். எல்லா நாவலுக்கும் பொருந்துகிற வரி எந்த நாவலைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. படிக்காமலேயே எழுதிவிடக்கூடிய வரிகள் இவை என்பதால் ஆசிரியருக்கும் இவற்றால் எதுவும் தெரியவருவதில்லை.

பிள்ளைகளிடம் கருத்து இல்லாமல் இல்லை. படித்த கதையை நண்பனிடம் சொல்லும்போது சூடாகப் பேசுவார்கள். அதே பிள்ளை தாளில் எழுத உட்கார்ந்ததும் மையப்பொருள், மொழிநடை, நயம், கட்டமைப்பு என்று வினாத்தாள் தரும் தலைப்புகளைத் தனித்தனிப் பெட்டிகளாக நினைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு வரி போட்டு நிரப்பிவிடுகிறது. கதைச்சுருக்கம் ஒரு பக்கம், கருத்து இன்னொரு பக்கம் என்று ஒட்டாமல் கிடக்கின்றன. உண்மையில் சுருக்கம், மையக்கருத்து, சொந்த அபிப்பிராயம் மூன்றும் ஒரே நூலில் கோத்தவை. சுருக்கம் சரியாக அமைந்தால் மையக்கருத்து அதிலிருந்தே கிடைக்கும். மையக்கருத்து கிடைத்துவிட்டால் அதை ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

இதை ஒரு நாவலை வைத்தே பார்க்கலாம். சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இதற்குத் தோதானது. 1959-இல் வெளிவந்த குறுநாவல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஏறக்குறைய முழுக்கதையும் ஒரே ஜல்லிக்கட்டுத் திடலில் நடந்து முடிகிறது.

‘பிறகு’ இல்லாத சுருக்கம்

முதல் முயற்சியில் சுருக்கம் பெரும்பாலும் இப்படி வரும்: “பிச்சியும் மருதனும் செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வருகிறார்கள். பிறகு ஒரு கிழவரிடம் பேசுகிறார்கள். பிறகு காளைகள் வருகின்றன. பிறகு பிச்சி காளைகளைப் பிடிக்கிறான். பிறகு காரி என்ற காளை வருகிறது.” இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் எது முக்கியம், எது சாதாரணம் என்று தெரியவில்லை. நடந்தவை வரிசையாக நிற்கின்றன, ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாகவில்லை.

இதைத் திருத்த எளிய வழி உண்டு. ‘பிறகு’ வருகிற இடத்திலெல்லாம் ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ போட்டுப் பார்க்க வேண்டும். போட முடியவில்லை என்றால், அந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே ஏதோ ஒரு காரணம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது அந்த நிகழ்ச்சியே சுருக்கத்துக்குத் தேவையில்லை. மேலே உள்ள சுருக்கத்தில் விட்டுப்போன காரணம் பிச்சியின் தந்தை. அவரைச் சேர்த்ததும் எல்லாம் இடம்பிடித்துக்கொள்கின்றன:

“பிச்சியின் தந்தை அம்புலி பேர்பெற்ற மாடுபிடி வீரர். வாடிபுரம் ஜமீன்தாரின் காரிக்காளை குத்தியதால் அவர் இறந்தார். அதனால் அந்தக் காளையை அணைந்தே தீருவது என்று பிச்சி தன் மச்சான் மருதனுடன் செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். அவன் யார் மகன் என்று தெரிந்ததும் வாடிவாசலில் நிற்கும் கிழவர் அவனுக்குத் துணையாகிறார். ஆனால் காரி மற்றக் காளைகளைப் போல அல்ல, அது ஜமீனின் கௌரவம். ஜமீன்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிச்சி அதை அடக்குகிறான், ஆனால் தொடையில் கொம்பு பாய்ந்து காயப்படுகிறான். தோற்ற காரி வெறிகொண்டு ஓடுகிறது. ஜமீன்தார் தன் காளையைத் தானே சுட்டுக் கொல்கிறார்.”

கூட்டத்தின் பேச்சு, மற்றக் காளைகளின் வர்ணனை எல்லாம் இதில் இல்லை. நாவலுக்கு உயிர் அவைதான் என்றாலும் சுருக்கத்துக்கு வேண்டியது கதையின் முதுகெலும்பு மட்டும். இன்னொன்றையும் கவனிக்கலாம். வார இதழில் வரும் மதிப்புரை முடிவை மறைக்கும், ஏனென்றால் வாசகர் இனிமேல்தான் புத்தகத்தை வாங்கப்போகிறார். பள்ளி மதிப்புரை முடிவைச் சொல்லியாக வேண்டும். கடைசிவரை படித்ததற்கு அதுதான் அத்தாட்சி. அதோடு, ஒரு நாவலின் மையக்கருத்து பெரும்பாலும் அதன் முடிவில்தான் தெளிவாகிறது.

ஒரு சொல் மையக்கருத்து ஆகாது

‘வாடிவாச’லின் மையக்கருத்து என்ன என்று கேட்டால் ‘வீரம்’ என்று பதில் வரும். ‘ஜல்லிக்கட்டு’ என்றும் சிலர் சொல்வார்கள். ஜல்லிக்கட்டு கதைக்களம். வீரம் கதையில் பேசப்படும் பொருள். அந்தப் பொருளைப் பற்றி நாவல் என்ன சொல்கிறது என்பதுதான் மையக்கருத்து. ஆகவே அது ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும், இன்னொருவர் “அப்படி இல்லை” என்று வாதாடக்கூடிய வாக்கியமாகவும் இருக்க வேண்டும்.

அந்த வாக்கியத்தைக் கண்டுபிடிக்க, சுருக்கத்தில் உள்ளவற்றிலேயே ஒத்துப்போக மறுக்கிற நிகழ்ச்சி எது என்று தேட வேண்டும். ‘வாடிவாசல்’ வீரத்தைப் பாராட்டும் கதை மட்டும்தான் என்றால் பிச்சி காரியை அடக்கிய இடத்தில் அது முடிந்திருக்கலாம். மகன் வந்தான், தந்தையின் குறை தீர்ந்தது, கூட்டம் ஆரவாரித்தது என்று மங்களமாக முடித்திருக்கலாம். செல்லப்பா அங்கே நிறுத்தவில்லை. தான் பெருமையாக வளர்த்த காளையை ஜமீன்தார் சுடும்வரை கதையைக் கொண்டுபோகிறார். ‘வீரம்’ என்ற சொல் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குக் காரணம் சொல்லவில்லை.

ஜமீன்தார் ஏன் சுட்டார்? வெறிபிடித்து ஓடும் காளை ஆட்களைக் குத்திவிடும் என்பது ஒரு காரணம். ஒருமுறை பிடிபட்ட காளையால் இனி ஜமீனுக்குப் பெருமை இல்லை என்பது இன்னொரு காரணம். தோல்வியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத ரோசமும் இருக்கலாம். இந்தக் கேள்வியோடு பின்னோக்கிப் போனால் ரோசம் எல்லா இடத்திலும் தென்படுகிறது. பிச்சியைத் திடலுக்கு இழுத்துவந்தது அதுதான். ஜமீன்தார் காரியை வளர்த்ததும் அதற்காகத்தான். கடைசியில் காளைக்கும் ரோசம் வந்துவிடுகிறது. இப்போது மையக்கருத்தை வாக்கியமாக எழுதலாம்: “வாடிவாசலில் மோதுவது மனிதனும் மாடும் மட்டுமல்ல, ஒரு குடும்பத்தின் மானமும் ஒரு ஜமீனின் மானமும். அந்த மோதலில் உயிரை இழப்பது அதைத் தேடிப் போகாத காளை.”

இன்னொரு மாணவி வேறு விதமாக எழுதலாம்: “அதிகாரம் உள்ளவர் ஒரு சாதாரண மனிதனிடம் தோற்பதைத் தாங்கிக்கொள்ளும் விதத்தை இந்நாவல் காட்டுகிறது.” இதற்கும் அந்தத் துப்பாக்கிச் சூடே சான்று. இரண்டில் எது சரி என்பது கேள்வியே அல்ல. கதையின் மிகச் சங்கடமான காட்சியை விளக்க முடிகிறதா என்பதே தேர்வு. முடிந்தால் அந்த வாக்கியம் நிற்கும்.

அபிப்பிராயத்துக்கு ஒரு முகவரி

சொந்தக் கருத்து என்றதும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பாராட்டினால் மதிப்பெண் வரும், குறை சொன்னால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். விளைவுதான் நாம் தொடக்கத்தில் பார்த்த மூன்று வரிகள். நேர்மையான கருத்து என்றால் குறை சொல்லியாக வேண்டும் என்பதில்லை. புத்தகத்தின் எந்த இடத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று சொல்வதுதான் நேர்மை. பாராட்டோ குறையோ, அதற்குப் பக்க எண் போல ஒரு முகவரி இருக்க வேண்டும்.

அந்த முகவரியைப் படிக்கும்போதே குறித்துக்கொள்வது நல்லது. படித்து முடித்த பிறகு யோசித்தால் பொதுவான சொற்கள்தான் மிஞ்சும். ஒரு துண்டுத்தாளில் பக்க எண்ணோடு மூன்று வகை இடங்களைக் குறித்தால் போதும்: சலித்த இடம், புரியாத இடம், மனம் மாறிய இடம். மூன்றாவதுதான் மிக முக்கியம். ‘வாடிவாச’லைப் படித்த ஒரு பிள்ளை அந்தக் குறிப்புகளை வைத்து இப்படி எழுதலாம்:

“முதல் சில பக்கங்கள் எனக்குக் கஷ்டமாக இருந்தன. மதுரைப் பக்கத்துப் பேச்சிலேயே உரையாடல்கள் போவதால், யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு முறை படித்தேன். ஆனால் காரி வருவதற்குள் அந்தப் பேச்சு பழகிவிட்டது, நானும் கூட்டத்தில் நிற்பது போல இருந்தது. பிச்சி ஜெயிக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வெடித்தபோதுதான், இதுவரை காரிக்காக நான் ஒரு முறைகூடக் கவலைப்படவில்லை என்று தோன்றியது. அது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் இந்த நாவல் மறக்கவும் இல்லை.”

இந்தப் பத்தியில் ஒரு குறை இருக்கிறது, ஒரு பாராட்டு இருக்கிறது, ஒரு மனமாற்றம் இருக்கிறது. மூன்றும் கதையின் குறிப்பிட்ட இடங்களிலிருந்து வருகின்றன. கடைசி வரிகள் மையக்கருத்தைத் தொட்டுவிடுகின்றன: உயிரிழப்பது காளை என்று முன்பு பொதுவாக எழுதிய பிள்ளை, அதில் தன் பங்கு என்ன என்று இங்கே கேட்டுக்கொள்கிறது. ‘கஷ்டமாக இருந்தது’ என்பதற்காக எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்கத் தேவையில்லை, ஏனென்றால் கஷ்டத்துக்குக் காரணமும் அது தீர்ந்த இடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. வெறுமனே ‘போரடித்தது’ என்று எழுதுவதும் ‘அருமை’ என்று எழுதுவதும் ஒரே குறையுள்ளவை.

இந்த நாவலில் வழுக்கிவிடும் இடம் ஒன்று உண்டு. ஜல்லிக்கட்டு என்றதும் 2017-இல் மெரினாவில் நடந்த போராட்டத்துக்குப் பேனா தாவிவிடும். தமிழர் பண்பாடு, தடை சரியா தவறா என்று ஒரு பக்கம் ஓடிவிடும். அது ஜல்லிக்கட்டைப் பற்றிய கட்டுரை, நாவலைப் பற்றிய கருத்து ஆகாது. சுற்றுச்சூழல், சாதி, கல்வி என எந்தப் பொருளைப் பற்றிய நாவலிலும் இந்த ஆபத்து உண்டு. கருத்துப் பத்தியில் ஒரு கதாபாத்திரத்தின் பெயராவது வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வரவில்லை என்றால் எழுத்து நாவலை விட்டு வெளியே போய்விட்டது.

அளவும் முக்கியம். சுமார் 250 சொற்களில் எழுதச் சொன்னால், நூல், ஆசிரியர், வெளியான ஆண்டு எல்லாவற்றுக்கும் 20 சொல், சுருக்கத்துக்கு 80, மையக்கருத்துக்கு 60, சொந்தக் கருத்துக்கு 90 என்று பிரித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சுருக்கம்தான் இடத்தை விழுங்கிவிடும். அதற்கு வழி, எழுதும் வரிசையை மாற்றுவது. முதலில் சொந்தக் கருத்தை எழுத வேண்டும். அடுத்து அதற்கு ஆதாரமான மையக்கருத்து வாக்கியம். கடைசியாக, அந்த இரண்டும் புரிவதற்கு எவ்வளவு கதை தெரிய வேண்டுமோ அவ்வளவு சுருக்கம். பிறகு தாளில் வழக்கமான வரிசைக்கு மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்காகவே அங்கே இருப்பது படிப்பவருக்குப் புரியும்.