மூன்றரை மணி விலைக்கு விற்றது யார்?

ஒரு வாங்கும் விதியைப் பழைய விலைகளின் மேல் ஓட்டிப் பார்ப்பதைத்தான் பங்குச்சந்தையில் பேக்டெஸ்ட் என்கிறார்கள். விதி பெரும்பாலும் முடிவு விலையை வைத்தே எழுதப்பட்டிருக்கும்: பங்கு சட்டென்று இறங்கி முடிந்தால் வாங்கு, ஐந்து நாள் சராசரிக்கு மேலே முடிந்தால் விற்றுவிடு. கணினி இன்றைய முடிவு விலையைப் பார்த்து 'வாங்கு' என்று சிக்னல் தருகிறது. அதே முடிவு விலையில் வாங்கியதாகவும் கணக்கு எழுதிவிடுகிறது. ஆனால் அந்த விலை உறுதியாகத் தெரியும் நேரத்தில் சந்தை மூடியிருக்கும்.

தேசியப் பங்குச்சந்தையில் (என்எஸ்இ) இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழமானது. ரொக்கச் சந்தையில் முடிவு விலை என்று அறிவிக்கப்படுவது 3:30 மணிக்கு நடந்த கடைசி வியாபாரத்தின் விலை அல்ல. மூன்று மணி முதல் மூன்றரை வரை நடந்த வியாபாரங்களுக்கு, கைமாறிய அளவைக் கணக்கில் கொண்டு எடுத்த சராசரியே நெடுங்காலமாக முடிவு விலையாக இருந்துவந்திருக்கிறது. சந்தை தினமும் வெளியிட்ட விலைப் பட்டியலில் CLOSE, LAST என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியாக இருந்தது இதனால்தான். 3:29க்கு அவசரமாக வாங்கினாலும் பேக்டெஸ்ட் காட்டும் விலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூடிய பிறகு முடிவு விலையிலேயே வாங்க விற்க ஒரு அமர்வு உண்டு; ஆனால் எதிர்த்தரப்பில் ஆள் இருக்க வேண்டும், பல பங்குகளில் இருப்பதில்லை.

எனவே மறுநாள் தொடக்க விலையில் வாங்கியதாகக் கணக்கிடுவதே நேர்மையான வழி. வித்தியாசம் எவ்வளவு என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். 500 ரூபாய்ப் பங்கு ஒரே நாளில் இறங்கி 480இல் முடிகிறது. வாங்கும் சிக்னல் வருகிறது. சில நாளில் 490இல் முடிந்து, விற்கும் சிக்னல் வருகிறது. முடிவு விலைக் கணக்கில் பத்து ரூபாய், அதாவது சுமார் 2.1 சதவீத லாபம். ஆனால் சரிந்த பங்கு மறுநாள் காலையிலேயே கொஞ்சம் மீண்டு 484இல் திறக்கிறது. விற்கும்போதும் மறுநாள் 488இல்தான் திறக்கிறது. லாபம் நான்கு ரூபாய், 0.8 சதவீதம். டெலிவரிக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் தலா 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி இருக்கிறது. அதையும் கழித்தால் மிஞ்சுவது 0.6தான்.

இது வெறும் துரதிர்ஷ்டம் அல்ல. இறக்கத்தில் வாங்கி மீட்சியில் விற்கும் உத்தி எதை நம்பிப் பிழைக்கிறதோ அந்த மீட்சியின் ஒரு பகுதி, சந்தை மூடியிருக்கும் இரவிலேயே நடந்துவிடுவதுண்டு. தொடக்க விலையில் வாங்குபவருக்கு அந்தப் பகுதி கிடைக்காது. ஏற்றப்போக்கைப் பின்தொடர்ந்து மாதக்கணக்கில் வைத்திருக்கும் உத்திக்கு இந்த வலி அவ்வளவாக இல்லை. 200இல் வாங்கி 260இல் விற்றால் 30 சதவீதம்; 201, 259 என்று மாறினாலும் கிட்டத்தட்ட 29. ஒரு வியாபாரத்தின் சராசரி லாபம் எவ்வளவு சிறியதோ, அந்த அளவுக்கு ஓர் இரவின் விலைமாற்றம் அதைத் தின்றுவிடும். நாளுக்குள்ளேயே ஓடும் ஐந்து நிமிடக் கேண்டில்களில் ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் பெரும்பாலும் ஒட்டியே இருப்பதால் அங்கே வேறுபாடு குறைவு.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு இதைவிட மோசமான ஒரு பள்ளம் இருக்கிறது. இன்றைய சிக்னலை இன்றைய விலைமாற்றத்தோடே பெருக்கிவிட்டால், ஏறி முடிந்த பங்கை அது ஏறுவதற்கு முன்பே வாங்கியதாக ஆகிவிடும். வரைகோடு வானத்துக்கு ஏறும். தொடக்க விலைக் கணக்கு இப்படி இருக்க வேண்டும்:

```python
pos = signal.shift(1)
ret = open_.shift(-1) / open_ - 1
pnl = pos * ret
```

முதல் வரி நேற்றைய சிக்னலை இன்றைக்குத் தள்ளுகிறது. இரண்டாவது, இன்றைய தொடக்கத்திலிருந்து நாளைய தொடக்கம் வரையிலான மாற்றத்தை எடுக்கிறது. டிரேடிங்வியூவில் இயல்பாகவே மார்க்கெட் ஆர்டர் அடுத்த கேண்டிலின் தொடக்கத்தில்தான் நிறைவேறும்; `process_orders_on_close=true` என்று யாராவது எழுதியிருந்தால் முடிவு விலைக்கு மாறிவிடும். ஒருவர் தன் உத்தியின் அற்புத முடிவைக் காட்டும்போது நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

இரண்டு விதமாகவும் ஓட்டி, சராசரி லாபத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் காணாமல் போனால், உத்தி சம்பாதித்தது யாரும் வாங்க முடியாத விலையில். மூடும் விலைதான் வேண்டும் என்பவர்கள் 3:20 மணி விலையை வைத்துச் சிக்னலைக் கணக்கிட்டு உடனே வாங்கலாம். ஆனால் சில நாள்களில் கடைசிப் பத்து நிமிடத்தில் விலை திரும்பி, சிக்னலே இல்லாமல் போயிருக்கும். அதைச் சோதிக்க நாள்விலை போதாது, நிமிட விலைகள் வேண்டும். தொடக்க விலையும் முழுக்க நம் கையில் இல்லை. ஒன்பது மணிக்குத் தொடங்கும் முன்திறப்பு ஏலத்தில் அது தீர்மானமாகிறது. அதைத் தவறவிட்டு 9:15க்குப் பிறகு ஆர்டர் போட்டால், குறைவாகக் கைமாறும் பங்குகளில் முதல் சில நிமிட விலை எங்கெங்கோ தாவும். அங்கே ஒவ்வொரு வியாபாரத்திலும் இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்வதுதான் சரி.