விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே

போயிங் 737 விமானத்தில் விமானியின் கைப்பிடியிலிருந்து வால் வரை எஃகு வடங்கள் ஓடுகின்றன. சைக்கிள் பிரேக்கை அழுத்தினால் கம்பி இழுபடுமே, அதே ஏற்பாடுதான். பெரிய மடல்களைத் தள்ளும் பலத்தை ஹைட்ராலிக் கருவிகள் தருகின்றன. விமானி எவ்வளவு இழுக்கிறாரோ அவ்வளவு மடல் அசையும். அளவு மீறினால் கைப்பிடி அதிர்ந்து எச்சரிக்கும், அதையும் மீறி இழுக்க முடியும்.

1988இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320இல் அந்த வடங்களின் இடத்தைக் கணினிகள் பிடித்தன. இதுதான் ஃப்ளை-பை-ஒயர். பக்கவாட்டில் உள்ள சிறு பிடியை விமானி அசைத்தால் மின்குறிப்பு கணினிக்குப் போகிறது. அவர் கேட்பதை நிறைவேற்ற எந்த மடல் எவ்வளவு அசைய வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. சில எல்லைகளை மட்டும் தாண்டவிடாது. பக்கவாட்டுச் சாய்வு 67 பாகை, மூக்கு உயர்வது 30 பாகை. எல்லாவற்றையும்விட முக்கியம், இறக்கையைக் காற்று சந்திக்கும் கோணம். அது மிகுந்தால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகி, தூக்கும் விசை சரிந்துவிடும். விமானிகள் இதை ஸ்டால் என்பார்கள்.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைகள் மோதி, ஒரு ஏ320இன் இரு எஞ்சின்களும் உந்துவிசையை இழந்தன. கேப்டன் சல்லன்பெர்கர் உடனே வாலிலுள்ள துணை எஞ்சினை இயக்கினார். அதனால் மின்சாரம் அறுபடவில்லை. கணினிகளின் முழுப் பாதுகாப்பும் நிலைத்தது. ஹட்சன் ஆற்றை நெருங்கியபோது வேகம் குறைந்திருந்தது. கடைசி நொடிகளில் அவர் பிடியைப் பின்பக்கமாக முழுவதும் இழுத்தார். வடம் பூட்டிய விமானத்தில் அந்த உயரத்தில் அப்படி இழுப்பது ஸ்டாலை வரவழைக்கும் செயல். இங்கே கணினி கோணத்தை வரம்புக்குள் வைத்தது. அவர் கவனம் முழுவதையும் ஆற்றின் மீது வைக்க முடிந்தது. 155 பேரும் பிழைத்தார்கள்.

ஆனால் இந்தக் காவல் உணரிகளை நம்பியது. அதே ஆண்டு ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேல் பறந்த ஏர் பிரான்ஸ் 447இன் வேகமானிக் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. வேக அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதும் தானியங்கி விலகியது, ஸ்டால் காவலும் விலகியது. திரையில் சாய்வு எல்லைகளைக் காட்டும் பச்சைக் கோடுகள் மஞ்சள் பெருக்கல் குறிகளாக மாறுவதே அதற்கான அடையாளம். இருட்டில், கொந்தளிப்பில் அதைக் கவனிப்பது எளிதல்ல. பிடியை இயக்கிய விமானி மூக்கை உயர்த்திக்கொண்டே போனார். விமானம் ஸ்டாலுக்குள் விழுந்தது. எனக்கு மிகவும் வேதனை தரும் இடம் இனிமேல்தான். காட்டும் வேகம் மிகக் குறைந்ததும், அளவு செல்லாது எனக் கணினி ஒதுக்க, எச்சரிக்கைக் குரல் நின்றது. மூக்கைத் தாழ்த்தியதும் அளவு உயிர்பெற்று, குரலும் திரும்பியது. சரியாகச் செய்தபோதுதான் விமானம் அவர்களை எச்சரித்தது. 228 பேர் இறந்தார்கள்.

விபத்துக்குப் பிறகு, காவல் இல்லாத நிலையில் உயரத்தில் பறப்பதும், ஸ்டால் வந்தால் முதலில் மூக்கைத் தாழ்த்துவதும் விமானிகளின் பயிற்சியில் அழுத்தம் பெற்றன.