உஷார்! 112 அடி தூக்கும் பம்ப், 112 அடியில் ஒரு சொட்டும் தராது

அட்டைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். அதிகபட்ச ஹெட் 34 மீட்டர், அதிகபட்ச ஓட்டம் மணிக்கு 2,700 லிட்டர். கடைக்காரர் அதை இப்படிச் சொல்வார்: "சார், 112 அடி தூக்கும். ஆயிரம் லிட்டர் டேங்க் இருபது, இருபத்திரண்டு நிமிஷத்துல நிரம்பிடும்." இரண்டு எண்களும் பொய்யில்லை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கவே முடியாது. அந்த பம்ப் 34 மீட்டர் தூக்கும்போது குழாயின் வாயில் வரும் தண்ணீர் பூஜ்யம். மணிக்கு 2,700 லிட்டர் கொட்டும்போது அது தூக்கும் உயரம் பூஜ்யம். பெட்டியில் அச்சிட்டிருப்பது ஒரு கோட்டின் இரண்டு நுனிகளை மட்டும்தான். உங்கள் வீடு அந்தக் கோட்டின் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று பார்க்காமல் பணத்தை நீட்டினால் பம்ப் மெதுவாக ஏற்றும் என்பதோடு போகாது. மோட்டார் காயிலும் போகலாம்.

அந்தக் கோட்டைத்தான் பம்ப் கர்வ் என்கிறார்கள். கையேட்டில் வரைபடமாகவோ, இத்தனை மீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று அட்டவணையாகவோ இருக்கும். கடையில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள். படுக்கைக் கோட்டில் ஓட்டம், நெட்டுக் கோட்டில் ஹெட். ஓட்டத்தைச் சில நிறுவனங்கள் நிமிடத்துக்கு லிட்டர் என்றும், சில மணிக்கு லிட்டர் என்றும் போடும். அதை முதலில் பார்த்துவிடுங்கள். 60 மடங்கு வித்தியாசம் அது.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடிகளும். பம்ப் தரையில் இருக்கிறது. சம்ப்பில் தண்ணீர் குறைந்து கிடக்கும் நேரத்தில் அதன் மட்டம் பம்ப்புக்கு 2 மீட்டர் கீழே. படிக்கட்டு அறையின் மேல் டேங்க். அதற்குள் குழாய் நுழையும் இடம் பம்ப்பிலிருந்து 13 மீட்டர் உயரம். அளக்கும்போது இரண்டு நுனியையும் சரியாகப் பிடிக்க வேண்டும். கீழே சம்ப்பின் தாழ்ந்த தண்ணீர் மட்டம், மேலே குழாய் ஏறி இறங்கும் உச்சி. மொட்டை மாடி வரை மட்டும் அளந்துவிட்டு டேங்க் ஸ்டாண்டை மறந்துவிடுபவர்கள் நிறைய. ஆக நிலையான ஹெட் 15 மீட்டர். பம்ப் ஒரு சொட்டு நகர்த்துவதற்கே இந்த 15 மீட்டரைத் தாண்டியாக வேண்டும்.

அதோடு உராய்வு சேரும். ஒரு இஞ்சு பிளாஸ்டிக் குழாய், உள்விட்டம் சுமார் 27 மில்லிமீட்டர், நீளம் 30 மீட்டர். எட்டு எல்போ, ஒரு ஃபுட் வால்வ். இந்த வளைவுகளும் வால்வும் இன்னும் ஒரு 10 மீட்டர் குழாய்க்குச் சமமாக ஓட்டத்தைத் தடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 40 மீட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் ஓடினால் இந்தக் குழாயில் சுமார் 2.6 மீட்டர் ஹெட் உராய்விலேயே போய்விடும். ஓட்டம் பாதியானால் உராய்வு பாதியாகாது. கிட்டத்தட்ட கால் பங்குக்கு இறங்கிவிடும். 20 லிட்டரில் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இதே வேலையை முக்கால் இஞ்சு குழாயில் செய்தால், 40 லிட்டரில் உராய்வு 2.6 மீட்டராக இருந்தது 9 மீட்டரை நெருங்கிவிடும்.

இப்போது பெட்டியில் பார்த்த அந்த அரை எச்.பி. செல்ஃப் பிரைமிங் பம்ப்புக்கு வருவோம். அதன் அட்டவணை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 6 மீட்டரில் நிமிடத்துக்கு 38 லிட்டர், 12-ல் 30, 18-ல் 22, 24-ல் 14, 30-ல் 6. நம் வீட்டுக்குத் தேவையான ஹெட் 15-க்கு மேலே உராய்வு. 25 லிட்டர் என்று உத்தேசமாக எடுத்தால் உராய்வு 1 மீட்டரை ஒட்டி வரும். ஆக 16 மீட்டர். அட்டவணையில் 12-க்கும் 18-க்கும் நடுவே 16-க்குப் பார்த்தால் 24, 25 லிட்டர். நினைத்த ஓட்டமும் பம்ப் தரும் ஓட்டமும் பொருந்திவிட்டன. பம்ப் இந்த வீட்டில் ஓடப்போகும் இடம் இதுதான். ஆயிரம் லிட்டர் ஏற 40 நிமிடம் ஆகும். கடைக்காரர் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். பம்ப்பில் கோளாறு எதுவும் இல்லை.

"குழாயைப் பெரிசாக்கினா வேகமா ஏறும்" என்று சிலர் சொல்வார்கள். இந்த பம்ப்புக்கு அது பெரும்பாலும் வீண் செலவு. முக்கால் இஞ்சிலேயே ஓட்டினாலும் 22 லிட்டர் வரும். வித்தியாசம் இரண்டரை லிட்டர்தான். உயரமே இங்கே பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது.

சரி, ஒரு எச்.பி. சென்ட்ரிஃப்யூகல் மோனோபிளாக் வாங்கிவிடலாம் என்று முடிவெடுக்கிறீர்கள். பெட்டியில் 24 மீட்டர், மணிக்கு 6,000 லிட்டர். தூக்கும் உயரம் குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். இதன் கோடு ஆரம்பத்தில் தட்டையாகப் போய்ப் பிறகு வளைந்து இறங்கும். நம் வீட்டில் ஒரு இஞ்சு குழாயில் நிமிடத்துக்கு 48 லிட்டர் வரை தரும். முக்கால் இஞ்சில் 33-க்கு விழுந்துவிடும். குழாய் அளவு இங்கேதான் காசுக்குப் பதில் சொல்கிறது. பழைய முக்கால் இஞ்சு குழாயை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய பம்ப்பை மாட்டுகிறவர், கூடுதல் மின்சாரத்தின் பெரும்பகுதியைக் குழாயின் சுவரில் தேய்க்கத்தான் கட்டணம் கட்டுகிறார்.

இனிதான் உண்மையான அபாயம். இந்த இரண்டு வகை பம்ப்பும் எரிவது நேர் எதிரான காரணங்களால்.

வீட்டு உபயோகத்துக்கு விற்கும் அரை எச்.பி. செல்ஃப் பிரைமிங் பம்ப்புகள் பெரும்பாலும் ரீஜெனரேட்டிவ் வகை. உள்ளே இம்பெல்லரின் விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். தண்ணீர் குறையக் குறைய, அதாவது ஹெட் ஏற ஏற, இவை இழுக்கும் மின்சாரம் கூடும். டெலிவரியை முழுதாக மூடினால்தான் மோட்டார் மேல் உச்சச் சுமை. கர்வ் தாளில் மின்திறன் கோடும் போட்டிருந்தால், அது இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பில் இது தலைகீழ். தண்ணீர் தாராளமாக ஓட ஓட மின்சாரம் ஏறும். வால்வை மூடினால் இறங்கும்.

இதனால் என்ன ஆகும் என்று பாருங்கள். கோடையில் லாரித் தண்ணீர் சம்ப்பில் வந்து விழுகிறது. அதை முற்றத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்குக்கு மாற்ற வேண்டும். உயர வித்தியாசம் 2 மீட்டர். அந்த ஒரு எச்.பி. மோனோபிளாக்கைத் தூக்கி வந்து, ஒன்றரை இஞ்சு குட்டைக் குழாயை மாட்டிப் போட்டுவிடுகிறார்கள். தடுப்பதற்கு ஹெட்டே இல்லை. பம்ப் தன் கோட்டின் வலது நுனிக்கு ஓடிவிடுகிறது. நிமிடத்துக்கு 90 லிட்டருக்கு மேல் கொட்டுகிறது. பார்க்கிறவர்களுக்கு மகிழ்ச்சி. மோட்டார் தன் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்துச் சுடுகிறது. அரை மணி நேரத்தில் வார்னிஷ் வாசம் அடிக்கும். பிறகு "காயில் கட்டணும்" என்ற மெக்கானிக்கின் வார்த்தைதான். பெயர்ப்பலகையில் ஹெட் வீச்சு என்று, உதாரணமாக, 12 முதல் 22 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். மேல் எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். கீழ் எண்ணுக்குக் கீழே ஓட்டக் கூடாது என்பதையும் அதே பலகைதான் சொல்கிறது.

இதற்கு மருந்து எளிது. டெலிவரியில் ஒரு கேட் வால்வ் போட்டுப் பாதி மூடி, கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பெயர்ப்பலகை எண்ணுக்குள் வரும் வரை திருகுங்கள். ஓட்டம் குறையும், மோட்டார் பிழைக்கும்.

இதே மருந்தை அரை எச்.பி. ரீஜெனரேட்டிவ் பம்ப்புக்குக் கொடுத்தால் அது விஷம். "வால்வைக் கொஞ்சம் மூடு, மோட்டாருக்கு நல்லது" என்று பிளம்பர் சொன்னால், எந்த வகை பம்ப் என்று திருப்பிக் கேளுங்கள். அடையாளம் தெரியாவிட்டால் கோட்டைப் பாருங்கள். செங்குத்தாகச் சரியும் கிட்டத்தட்ட நேர்க்கோடு என்றால் ரீஜெனரேட்டிவ். தட்டையாகத் தொடங்கி வளைந்தால் சென்ட்ரிஃப்யூகல்.

வால்வை யாரும் மூடாமலே அது மூடிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டேங்க் வழியாமல் இருக்க உள்ளே பந்து மிதவை வால்வ் மாட்டியிருப்பார்கள். டேங்க் நிரம்பியதும் அது அடைத்துக்கொள்ளும். கீழே பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ரீஜெனரேட்டிவ் பம்ப்பாக இருந்தால் அந்த நொடியிலிருந்து முழு அழுத்தம், முழுச் சுமை, பூஜ்ய ஓட்டம். 34 மீட்டர் ஹெட் என்றால் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 3.4 கிலோ. பலவீனமான ஜாயின்ட் முதலில் பிய்த்துக்கொள்ளும். அது பிய்யாவிட்டால் பம்ப்புக்குள் சிக்கிய தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடாகி சீலைத் தின்னும், பக்கத்துப் பிளாஸ்டிக் குழாய் இளகும், காயில் போகும்.

வாங்கிய பம்ப் சரியான இடத்தில்தான் ஓடுகிறதா என்று அறிய ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். டேங்குக்குள் விழும் குழாய் வாயிலேயே 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். நம் கணக்குப்படி அரை எச்.பி.க்கு 50 விநாடியை ஒட்டி நிரம்ப வேண்டும். ஒன்றரை நிமிடம் ஆனால் உடனே பெரிய பம்ப் தேடிப் போகாதீர்கள். சக்‌ஷனில் காற்று இழுக்கிறதா, ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா, மாலையில் வோல்டேஜ் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். கர்வ் போட்டிருப்பது சரியான வோல்டேஜுக்கு.

இன்றைக்கே மாடி ஏறி உங்கள் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். செல்ஃப் பிரைமிங் பம்ப் வைத்துக்கொண்டு உள்ளே பந்து மிதவை வால்வ் இருந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை எடுத்துவிட்டு, டேங்க் நிரம்பியதும் மோட்டாரையே நிறுத்தும் மிதவை சுவிட்ச் போடச் சொல்லுங்கள். அதுவரை மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.