மலையேறினா விலையேறும்... அது விலைப் பாகுபாடா?

போன இன்டர்னல்ல விலைப் பாகுபாட்டுக்கு உதாரணம் கேட்டாங்க. எங்க ஊர்க்காரன் புத்தி! கள்ளக்குறிச்சியில ஒரு விலைக்கு விக்கிற சோடா, கல்வராயன் மலை மேல வெள்ளிமலையில ரெண்டு ரூபா கூடன்னு எழுதினேன். முழு மார்க்கும் போச்சு. செமஸ்டர்ல நீங்களும் அதையே எழுதிடக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில சரக்கு ஏத்திட்டுப் போக டீசல், வண்டி வாடகை எல்லாம் கூட ஆகும். அந்தச் செலவுதான் சோடா விலையில ஏறுது. விலைப் பாகுபாடு வேற. ஒரே பொருளை, செலவு வித்தியாசம் காரணமா இல்லாம, வேற வேற ஆளுக்கு வேற வேற விலையில விக்கறதுதான் அது. ஆளைப் பிரிச்சு, நேரத்தைப் பிரிச்சு, இடத்தைப் பிரிச்சுப் பண்றதைப் பொருளாதார அறிஞர் பிகு 1920-ல வகுத்த மூணு படிநிலைகள்ல மூணாவதுல சேர்ப்பாங்க.

இதுக்கு மூணு நிபந்தனை இருக்கு. விக்கிறவருக்கு விலையைத் தீர்மானிக்கிற பலம் வேணும். வாங்குறவங்களோட தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை ஏறினா எவ்வளவு பேர் விலகிப் போவாங்கங்கறது, குழுவுக்குக் குழு மாறணும். மலிவா வாங்கினவர் அதையே இன்னொருத்தருக்குக் கைமாத்தி விக்க முடியாம இருக்கணும்.

ஒரு கணக்குப் போடுவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து மேகம் அருவிக்கு ஒரே ஒருத்தர்தான் வேன்ல டூர் நடத்துறார்னு வச்சுக்குங்க. கூடுதலா ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போக, சாப்பாடு உட்பட, அவருக்கு ஆகுற செலவு (MC) 200 ரூபா. மாணவர்களோட நெகிழ்ச்சி 3, குடும்பத்தோட வர்றவங்களுக்கு 2. லாபம் உச்சத்துல இருக்கணும்னா ரெண்டு குழுவுலயும் MR = MC ஆகணும்.

MR = P(1 − 1/e)

மாணவர்: P(1 − 1/3) = 200, அதனால P = 300
குடும்பம்: P(1 − 1/2) = 200, அதனால P = 400

ரெண்டு பேருக்கும் செலவு அதே 200தான். ஆனா விலையில நூறு ரூபா வித்தியாசம். ஐடி கார்டு காட்டச் சொல்றாரே, அது மூணாவது நிபந்தனைக்காக. அந்த நூறு ரூபா தள்ளுபடி நம்ம மேல உள்ள பாசத்துல வந்ததில்ல. விலை ஏறினா நாம டக்குனு பிளானை மாத்திடுவோம்னு அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆளைப் பிரிக்கறதுக்கு இன்னொரு உதாரணம் மாமல்லபுரம். தொல்லியல் துறையோட டிக்கெட் 2018-ல மாத்தினப்போ இந்தியருக்கு 40 ரூபா, வெளிநாட்டவருக்கு 600 ரூபான்னு ஆச்சு. பார்க்கிற சிற்பம் ஒண்ணுதான், காவல் செலவும் ஒண்ணுதான். கடல் தாண்டி வந்தவர் 600 ரூபாய்க்காகத் திரும்பிப் போகமாட்டார்.

நேரத்துக்கு டெல்லி மெட்ரோ. ஸ்மார்ட் கார்டுக்கு உள்ள 10 சதவீதத் தள்ளுபடியோட, கூட்டம் இல்லாத நேரத்துல இன்னொரு 10 சதவீதம் 2017-லிருந்து தர்றாங்க. இங்க ஒரு சிக்கல் இருக்கு. காலை கூட்டத்துக்குன்னே கூடுதலா ரயில் வாங்கி ஓட்டணும், மத்தியானம் அதே ரயில் காலியா கிடக்கும். அதனால இந்த வித்தியாசத்துல ஒரு பங்கு செலவாலயே வர்றது. ‘முழுக்க விலைப் பாகுபாடு’ன்னு எழுதாம, இந்த ஒரு வரியைச் சேர்த்துடுங்க.

கடைசியா, எல்லாரும் தடுக்கி விழற இடம்: அரசு பஸ்ல மாணவர் இலவச பாஸ். மலை கிராமத்துலயிருந்து தினமும் இறங்கி வர்ற ஒரு பொண்ணை நினைச்சுப் பாருங்க. இருக்கிறது ஒரே பஸ்னா, விலை ஏறினாலும் அவளால விலக முடியாது. நெகிழ்ச்சி ரொம்பக் குறைவு. லாபம் மட்டுமே பார்க்கிற முதலாளி மேல உள்ள சூத்திரத்தைப் போட்டா, அவகிட்டதான் அதிகம் கேப்பார். அவ ஏழைங்கறது அந்தச் சூத்திரத்துல தனியா எங்கயும் வராது, வேற வழி இருக்கா இல்லையாங்கறதுதான் வரும். அவளுக்கு பாஸ் கிடைக்குதுன்னா, அந்தக் கட்டணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கட்டுறதாலதான். அதுக்குப் பேர் மானியம்.

ஆக, பரீட்சையில எந்த உதாரணம் வந்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. செலவு மாறுதா? விலையைக் குறைச்சது லாபத்துக்கா, இல்ல வேற யாராவது காசு கட்டுறதாலயா? செலவு மாறாம, லாபத்துக்காகவே விலை மாறினா மட்டும் ‘விலைப் பாகுபாடு’ன்னு எழுதுங்க. சோடாவை என்கிட்ட விட்டுடுங்க.