மாதம் 12 போஸ்ட்: கணக்கு எங்கே உதைக்கிறது?

உங்கள் ஊர்ச் சின்னக் கடை ஒன்றின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள். பொங்கல் வாழ்த்து, குடியரசு தின வாழ்த்து, மகளிர் தின வாழ்த்து, நடுவில் ஒரு 'காலை வணக்கம்' என வரிசையாக வரும். எல்லாவற்றிலும் ஓரத்தில் கடையின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். அந்தக் கடையில் என்ன விற்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. மாதம் 12 போஸ்ட் என்று பேசிப் பணம் வாங்குபவர்கள் எண்ணிக்கையை நிரப்புகிற வழி இதுதான். வாழ்த்துப் படத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்திலேயே பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆகவே கடைக்காரர் முதலில் கேட்க வேண்டியது 'மாதம் எவ்வளவு?' என்பதல்ல, 'பன்னிரண்டில் எத்தனை என் சரக்கு?' என்பதுதான்.

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறிய கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் இளைஞர் மாதம் 4,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறார். எட்டுப் படம், நான்கு ரீல்ஸ், அவ்வப்போது ஸ்டோரி, வருகிற கேள்விகளுக்குப் பதில் என்று பேச்சு. மாதத்தில் ஒருநாள் கடைக்குப் போய் எல்லாவற்றையும் படம்பிடிக்க நான்கு மணி நேரம் ஆகும். வெட்டி ஒட்ட எட்டு மணி, கேப்ஷன் எழுத நான்கு, போஸ்ட் போடவும் ஸ்டோரிக்கும் மூன்று, மாதக் கடைசியில் கடைக்காரரோடு பேச ஒன்று என்று வைத்தால் இதுவரை 20 மணி. பதில் சொல்லும் வேலைக்குத் தினம் கால் மணி நேரம் வைத்தால், 26 நாளுக்கு ஆறரை மணி. ஆக, மணிக்குச் சுமார் 150 ரூபாய் நிற்கும்.

ஒரு ரீல் நன்றாக ஓடிவிட்டால் தொல்லை தொடங்குகிறது. 'விலை என்ன?', 'வேறு கலர் இருக்கா?', 'கோயம்புத்தூருக்குக் கூரியர் உண்டா?' என்று குவியும். தினம் கால் மணி என்பது முக்கால் மணியாகும். மொத்தம் நாற்பது மணியை நெருங்க, வரும்படி மணிக்கு 100 ரூபாயாக இறங்கிவிடும். பக்கம் நன்றாக நடக்க நடக்க, நடத்துகிறவருக்கு நஷ்டம். சில மாதங்களில் அவர் பதில் சொல்வதைத் தள்ளிப்போட ஆரம்பிப்பார். பிறகு வாழ்த்துப் படங்கள் தலைகாட்டும். அதற்குச் சோம்பலைக் காட்டிலும் கணக்கே காரணம் என்பேன்.

இதற்கு வழி, பதில் சொல்வதைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடுவது. கல்லாவில் இருப்பவருக்குத்தான் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். ஆகவே கேள்விகள் கடையின் வாட்ஸப் பிசினஸ் எண்ணுக்கே போகட்டும். கூரியர் கட்டணம், கடை நேரம், வழி போன்ற வழக்கமான பதில்களை அதிலேயே முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ள வசதி உண்டு. அதை அமைத்துக் கொடுப்பது மட்டும் பக்கம் பார்ப்பவரின் வேலை.

கேள்விகள் குறைய வேண்டுமானால் கேப்ஷன் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்தச் சேலைக்கு வழக்கமாக எழுதப்படுவது: 'பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் அழகு! விலைக்கு இன்பாக்ஸ் செய்யவும்.' வாங்க நினைப்பவருக்கு இதில் ஒரு தகவலும் இல்லை. இன்ஸ்டாகிராமில் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் இருந்தாலும், தட்டாமல் கண்ணில் படுவது முதல் ஓரிரண்டு வரிதான். அந்த இடத்தைப் பாரம்பரியத்துக்குக் கொடுத்தால் விலை மறைந்துவிடும்.

படம் எடுக்கப் போகிற நாளில் ஒரு மணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாலே கேப்ஷன் பாதி கிடைத்துவிடும். 'அண்ணே, இதுல ஜாக்கெட் பிட் இருக்கா?', 'சாயம் போகுமா?', 'இதே பார்டர்ல பச்சை இருக்கா?' என்று கேட்பார்கள். அவற்றுக்கான பதில்களைக் கேட்ட வரிசையிலேயே எழுதினால் போதும்:

'மெரூன் சுங்குடி, 780 ரூபாய். ஜாக்கெட் பிட் சேலையோடு இருக்கிறது. முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள், சாயம் கொஞ்சம் விடும். பச்சையிலும் நீலத்திலும் உண்டு. சேலை எண் 14. வாட்ஸப்பில் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும்.'

அந்த 'எண் 14' இரண்டு வேலை செய்யும். வாடிக்கையாளர் படத்தைத் திருப்பி அனுப்பி விளக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் எந்தப் படம் ஆளைக் கொண்டுவந்தது என்று வாட்ஸப்பைப் பார்த்தே எண்ணிவிடலாம். லைக் எண்ணிக்கையை நான் பெரிதாக நம்புவதில்லை. ஆயிரம் லைக் வாங்கிய சேலையை ஒருவரும் விசாரிக்காமலும், நாற்பது லைக் வாங்கியதைப் பன்னிரண்டு பேர் கேட்டும் இருக்கலாம். அடுத்த மாதம் எதைப் படம்பிடிப்பது என்பதை இரண்டாவது கணக்கே சொல்லும். கேப்ஷனில் இணைய முகவரி ஒட்டினால் இன்ஸ்டாகிராமில் அது தட்டித் திறக்காது. வாட்ஸப் இணைப்பைப் பக்கத்தின் முகப்பிலும் ஸ்டோரியிலும்தான் வைக்க வேண்டும். தேடுகிற பலர் ஆங்கில எழுத்தில் தட்டுவதால், கடைசி வரியில் madurai sungudi saree என்று சேர்ப்பது நல்லது.

சரக்கு தீர்ந்தால் அன்றே கேப்ஷனைத் திருத்தி, முதல் வரியில் 'விற்றுவிட்டது' என்று போட வேண்டும். போட்ட பிறகும் கேப்ஷனை மாற்ற முடியும். பலர் இதைச் செய்வதில்லை. மூன்று மாதம் கழித்தும் இல்லாத சேலைக்கு விசாரணை வந்துகொண்டிருக்கும்.

சுங்குடியில் இன்னொரு கண்ணி உண்டு. கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றுவது ஒன்று, அதே புள்ளிகளை அச்சில் போடுவது இன்னொன்று. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சுச் சேலையின் கீழே 'கைமுடிச்சு' என்று எழுதுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரமும்கூட. கேப்ஷன் எழுதுகிறவருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். அதனால் ஒவ்வொரு சேலைக்கும் கடைக்காரர் வாயால் சொன்ன விவரத்தை அங்கேயே போனில் பதிந்துகொள்வதும், போடுவதற்கு முன் எல்லாக் கேப்ஷனையும் ஒரே தடவையில் அவருக்குக் காட்டி ஒப்புதல் வாங்குவதும் அவசியம். திருத்தம் ஒரு சுற்றுதான் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும்.

படம்பிடிக்கும் நாளைத் தள்ளிப்போட்டால் எல்லாம் தள்ளிப்போகும். தீபாவளிக்கு முந்தைய வாரம் கடைக்காரருக்குச் சேலையை விரித்துக் காட்ட ஏது நேரம்? மூன்று வாரம் முன்பே எடுத்து, மெட்டா பிசினஸ் சூட்டில் தேதி குறித்து வைத்துவிட்டால் தானாகவே வெளியாகும். ரீல்ஸுக்குப் பிரபல சினிமாப் பாட்டைச் சேர்க்க நினைப்பார்கள். பிசினஸ் கணக்குகளுக்குப் பல பாட்டுகள் கிடைக்காது. எப்படியோ சேர்த்தாலும் ஒலி துண்டிக்கப்படலாம். கடைக்காரர் முந்தியை விரித்தபடி பேசுகிற குரலே போதும்.

காசு கொடுத்துப் பதிவைப் பரப்பும் 'பூஸ்ட்' செலவு 4,000க்குள் அடங்காது. அது கடையின் கார்டிலிருந்து நேராகப் போகட்டும். பக்கம் பார்ப்பவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு செலவானது என்பதில் பிறகு மனத்தாங்கல் வரும்.

பக்கத்தைக் கடைக்காரரின் போன் எண்ணிலும் மின்னஞ்சலிலும்தான் தொடங்க வேண்டும். பக்கம் பார்ப்பவருக்குப் பாஸ்வேர்டைச் சொல்லத் தேவையில்லை, மெட்டா பிசினஸ் சூட் வழியாக அனுமதி மட்டும் கொடுக்கலாம். அவர் தன் எண்ணில் தொடங்கிவிட்டுப் பிறகு வேலையை விட்டால், சேர்ந்த ஆட்களோடு பக்கமும் போய்விடும். விலகுகிற மாதத்தில் அனுமதியை நீக்கிவிட்டு, இதுவரை எடுத்த படங்களின் மூலப் பிரதிகளையும் சேலை எண் பட்டியலையும் ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டு கடைசிச் சம்பளத்தைக் கொடுக்கலாம்.