சிமிலிபால் கரும்புலிகளும் மரபணு ஓட்டமும்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும், ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவிலும் கரும்புலிகள் உண்டு. ஆனால் காட்டில் அவை வாழ்வது ஒடிசாவின் சிமிலிபாலில் மட்டுமே. வரிகள் தடித்து ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் கருமையாகத் தெரியும் இப்புலிகளின் நிறத்துக்கு ஒரே மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றமே காரணம் என்று பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த உமா இராமகிருஷ்ணன் குழுவினர் 2021இல் காட்டினர்.

ஒரு மரபணு எடுக்கக்கூடிய வடிவங்களில் ஒவ்வொன்றும் அல்லீல் எனப்படும். ஓர் இனக்கூட்டத்தில் அவ்வடிவம் மொத்தத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதே அதன் நிகழ்வெண். சிமிலிபாலில் கருமை அல்லீலின் நிகழ்வெண் ஏறத்தாழ 0.58, நாட்டின் பிற காடுகளில் ஆராயப்பட்ட புலிகளில் அது காணப்படவில்லை. இந்த அல்லீல் ஒடுங்கு வகையைச் சேர்ந்ததாதலால் தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குட்டியே கருமையாகும்; 0.58ஐ அதனாலேயே பெருக்கினால் 0.34 வரும், அதாவது மூன்றில் ஒரு புலி கருமையாக இருக்க வேண்டும், காட்டில் கண்டதும் ஏறத்தாழ அதுதான்.

இத்தனை உயர்வுக்குக் கருமை தரும் நன்மை ஏதும் தேவையில்லை. அயலிலிருந்து புலிகள் வராமல் துண்டிக்கப்பட்ட சிறு கூட்டத்தில், எந்தப் புலி குட்டி ஈனும், எது ஈனாது என்ற தற்செயலே தலைமுறைதோறும் நிகழ்வெண்ணை இங்குமங்கும் தள்ளிவிடும். இதற்கு மரபியல் நகர்வு என்று பெயர். இந்நகர்வு இரு கூட்டங்களைப் பிரித்துக்கொண்டே போக, ஒரு கூட்டத்திலிருந்து வந்த விலங்கு மற்றொன்றில் இனம்பெருக்கும்போது நிகழும் மரபணு ஓட்டம் அவற்றை மீண்டும் நெருங்கச் செய்கிறது.

சிமிலிபாலில் இனம்பெருக்கும் புலிகளில் நூற்றுக்கு ஐந்து, கருமை அல்லீல் இல்லாத வேற்றுக் காட்டிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் வருவதாகக் கொள்வோம். நிகழ்வெண் ஒவ்வொரு முறையும் 0.95ஆல் பெருக்கப்படும், முதல் தலைமுறையில் 0.55, பத்தாவதில் சுமார் 0.35. அப்போது கரும்புலிகள் நூற்றுக்குப் பன்னிரண்டாகக் குறைந்துவிடும் என்பது, அவற்றைக் காட்டிப் பெருமைகொள்வோருக்கு உவப்பான கணக்கன்று.

நகர்வை அடக்க எத்தனை வரவு வேண்டும் என்பதற்குத் தலைமுறைக்கு ஒரு விலங்கு என்ற பழைய அளவுகோல் உண்டு. சிறிய கூட்டத்தில் நகர்வு வலுவானது, ஆனால் அங்கே ஒரு விலங்கின் பங்கும் பெரிது. பெரிய கூட்டத்தில் இரண்டுமே சிறுத்துவிடுவதால், கூட்டத்தின் அளவு எதுவாயினும் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பொருந்துகிறது. எனினும் வருவது வேறு, இனம்பெருக்குவது வேறு. மகாராட்டிரத்தின் தடோபாவிலிருந்து 2024இல் சிமிலிபாலுக்குக் கொண்டுவரப்பட்ட இரு பெண்புலிகளில் ஒன்றான ஜீனத், காட்டைவிட்டு வெளியேறி ஜார்க்கண்ட் வழியாக மேற்கு வங்கத்தின் பாங்குராவரை சென்று, அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் பிடிக்கப்பட்டுத் திரும்பக் கொண்டுவரப்பட்டது. அதன் குட்டிகள் சிமிலிபாலில் வளர்ந்து இனம்பெருக்கினால்தான் அவ்வரவு நிகழ்வெண்ணில் தெரியும்; ஒருமுறை நிகழ்ந்து நின்றுபோனால், நகர்வு மறுபடியும் தன் போக்கில் தொடங்கிவிடும்.