ஓட்டை விழாத பல் உதிர்ந்தது ஏன்?

என் தாத்தா செகிஞ்சானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அறுபது வயதுக்குள் அவருடைய பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. விழுந்த பல்லில் ஓர் ஓட்டைகூட இருக்காது. "புழு அரிச்சிருச்சு" என்பார் பாட்டி. பல் மருத்துவம் படிக்க வந்த பிறகுதான் அது சொத்தையே அல்ல என்று எனக்குப் புரிந்தது.

சொத்தை, ஈறுநோய் இரண்டுமே பல்லில் படியும் பற்படலத்தில்தான் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு வழி பிரிகிறது. சொத்தைக்குச் சர்க்கரை வேண்டும். ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற நுண்ணுயிரிகள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. சில நிமிடங்களில் படலத்தின் பி.எச். 5.5க்குக் கீழே இறங்க, எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைகின்றன. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அப்போது உமிழ்நீர் இழப்பை ஈடுசெய்கிறது. அதற்குள் மறுபடி தே தாரேக் குடித்தால் ஈடுசெய்ய நேரமே இல்லை. ஆகவே, சர்க்கரையின் அளவோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம்.

ஈறுநோய்க்குச் சர்க்கரை தேவையில்லை. ஈறின் ஓரத்தில் படலம் அகற்றப்படாமல் இருந்தால் இரண்டு, மூன்று வாரங்களில் ஈறு சிவந்து, தொட்டால் இரத்தம் கசியும். இந்நிலையில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். நீடித்தால், கிருமியை எதிர்க்க வந்த வெள்ளணுக்களின் நொதிகளே பல்லைப் பிடித்திருக்கும் நார்களை அறுக்கின்றன. அழற்சி தூண்டிவிடும் எலும்பழிப்பு உயிரணுக்கள் தாடை எலும்பைக் கரைக்கின்றன. போன எலும்பு தானாகத் திரும்பாது.

இதற்குச் சான்று நம்மவர் வாய்களிலேயே கிடைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 ஆண்களை 1970 முதல் 1985 வரை ஹரால்ட் லோவும் குழுவினரும் தொடர்ந்து பரிசோதித்தனர். பல் துலக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. எல்லாருக்கும் படலமும் காரையும் ஈறு அழற்சியும் இருந்தன. ஆனால் சொத்தை ஏறக்குறைய இல்லை.

1986இல் வெளியான முடிவு இன்னொன்றையும் காட்டியது. ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக. 11 விழுக்காட்டினருக்கு அழற்சியைத் தாண்டவே இல்லை. 35 வயதில் பல்லின் பிடிப்பு இழப்பு முதல் பிரிவில் சராசரி 9 மில்லிமீட்டர், இரண்டாவதில் 4, மூன்றாவதில் ஒன்றுக்கும் குறைவு. அழுக்கு எல்லாருக்கும் இருந்தும் அழிவு ஒன்றாக இல்லை. அப்படியானால் படலம் தேவையான காரணம். அதுமட்டுமே போதுமான காரணம் அன்று. எஞ்சியதை அவரவர் உடலின் எதிர்ப்பு முறை முடிவு செய்கிறது. ஆண்களை மட்டும், ஒரே வகைத் தோட்ட மக்களிடையே பார்த்த ஆய்வு இது. அந்த விழுக்காடுகளை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்தக்கூடாது.

தேர்வில் "நோய் உருவாகும் விதத்தை விளக்குக" என்று வந்தால் முதலில் இதை எழுதுங்கள்: சொத்தையில் பல்லைக் கரைப்பது கிருமியின் அமிலம், ஈறுநோயில் எலும்பை அழிப்பது பெரும்பாலும் நம் உடலின் எதிர்வினை. தாத்தாவின் பல்லில் ஓட்டை இல்லை. அது நின்ற நிலம்தான் கரைந்துபோயிற்று.